சுமையும் காற்றழுத்தமும்

நுழையும்முன்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதில் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் ஓட்டுநருக்கு எரிபொருளுக்கு அடுத்தபடியாக வரும் செலவுகளுள் டயர் ஒன்று. ஒருவருக்கு நெடுநாள் உழைக்கும் டயர், அதே வகை வண்டி வைத்திருக்கும் மற்றொருவருக்குப் பாதித் தொலைவிலேயே தேய்ந்துவிடுவதைக் காண்கிறோம். இதற்குச் சாலையையோ டயரையோ குறைகூறுவோர் பலர். சுமைக்கும் காற்றழுத்தத்திற்கும் உள்ள உறவே இதன் முதன்மையான காரணம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சுமையைத் தாங்குவது எது?

டயர் சுமையைத் தாங்குகிறது என்று நாம் சொல்வது பாதி உண்மையே. காற்றில்லாத டயரை வண்டியில் பூட்டினால் அது தட்டையாக அமுங்கிவிடும். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் அதனுள் பதிந்துள்ள இழைகளும் எஃகுக் கம்பிகளும் அக்காற்றை அடக்கி வைத்திருக்கும் வலிய பையாக அமைகின்றன. பக்கச்சுவரின் விறைப்பும் சிறிதளவு துணை செய்கிறது.

காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று அளப்பது நம் நாட்டில் வழக்கமாக உள்ளது. இப்பாடத்தில் அதனைச் சுருக்கமாகப் பவுண்டு என்றே குறிப்போம். 65 பவுண்டு அழுத்தம் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 4.6 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பாகும். 35 பவுண்டு என்பது ஏறத்தாழ 2.5 கிலோகிராமுக்கு ஒப்பாகும்.

வண்டி நிற்கும்போது டயரின் அடிப்பகுதி சற்றுத் தட்டையாகித் தரையைத் தொடுகிறது. அவ்வாறு தொடும் பரப்பினைத் தரைத்தடம் எனலாம். டயர் மீதுள்ள சுமையை அதன் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரைத்தடத்தின் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். ஒரு டயர் 910 கிலோகிராம் சுமையைத் தாங்குகிறது என்றும், அதில் 65 பவுண்டு காற்று உள்ளது என்றும் கொள்வோம். தரைத்தடம் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். காற்றை மாற்றாமல் சுமையை 350 கிலோகிராமாகக் குறைத்தால் அத்தடம் ஏறத்தாழ 77 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

சுமை மிகுந்தால் தடம் விரிகிறது. அழுத்தம் மிகுந்தால் தடம் சுருங்குகிறது. விரிவும் சுருக்கமும் அளவு மீறாமல் காப்பதே காற்றழுத்தத்தைச் சீர்செய்வதன் நோக்கம்.

தேய்வு எவ்வாறு நிகழ்கிறது?

சக்கரம் வழுக்காமல் உருள்கிறது என்றால் டயர் ஏன் தேய வேண்டும் என்று வினவத் தோன்றும். சக்கரம் முழுவதுமாக வழுக்குவதில்லை என்பது உண்மை. ஆயினும் தரைத்தடத்திற்குள் சிறுசிறு வழுக்கல்கள் இடைவிடாமல் நிகழ்கின்றன. டயரின் புறப்பரப்பு வளைவானது. தரையோ தட்டையானது. வளைந்த பரப்பு தரையைத் தொடும்போது வலிந்து தட்டையாக்கப்படுகிறது. ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் புறப்பரப்பு ரப்பர்க் கட்டிகள் அப்போது நெருக்கப்படுகின்றன. தரையை விட்டு மேலெழும்போது அவை விடுபட்டுத் தம் பழைய வடிவத்தை அடைகின்றன. அந்த விடுபடும் நொடியில் ஒவ்வொரு கட்டியும் சாலையின் மீது சற்றே உராய்ந்து நகர்கிறது. தேய்வு பெரிதும் அங்கேதான் நிகழ்கிறது.

தாளின் மீது அழிப்பானை மெல்லத் தேய்த்தால் சிறிதளவு தூளே உதிரும். அழுத்தித் தேய்த்தால் தூள் மிகுதியாக உதிரும். டயரும் அவ்வாறே. சுமை கூடும்போது உராயும் விசை கூடுகிறது; டயர் மிகுதியாகத் தட்டையாவதால் ஒவ்வொரு சுற்றிலும் உராயும் தொலைவும் கூடுகிறது. இரண்டும் ஒருசேரக் கூடுவதால் தேய்வு, சுமை கூடிய விகிதத்தைக் காட்டிலும் விரைவாகக் கூடுகிறது. கனத்த வண்டியை நிறுத்தவும் வளைவில் திருப்பவும் மிகுந்த விசை தேவை. அவ்விசை முழுவதையும் தரைத்தடமே சாலைக்குக் கடத்த வேண்டும்.

சுமைக்கு ஏற்ற காற்று இல்லாதபோது வேறொரு தீங்கும் நேர்கிறது. தடத்தின் நடுப்பகுதி தளர்ந்து உள்வாங்க முற்படுகிறது. சுமை இரு ஓரங்களுக்கும் தள்ளப்படுகிறது. பக்கச்சுவருக்கு அருகிலுள்ள அவ்வோரங்கள் நடுப்பகுதியைவிட விரைவாகத் தேய்கின்றன.

இவற்றுடன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சிறு சரக்கு வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 சுற்றுகள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் நொடிக்கு ஏழெட்டு முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் வளையும் இடம் சுடுவதை நாம் அறிவோம். ரப்பரும் மடங்கி நிமிரும்போது தான் பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்குகிறது. சுமை மிகுந்தால் மடிப்பு ஆழமாகிறது; வெப்பமும் பெருகுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். ஆகவே உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றி டயரின் ஓரப்பகுதியில் தேங்குகிறது. சூடேறிய ரப்பர் இன்னும் எளிதாகத் தேய்கிறது. எஃகுக் கம்பி அடுக்கிற்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிணைப்பும் நாளடைவில் தளர்கிறது. அப்பிணைப்பு ஒருநாள் முற்றிலும் விடும்போது புறப்பரப்பு பட்டையாக உரிந்து டயர் வெடிக்கக்கூடும். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் கறுப்பு ரப்பர்ப் பட்டைகளுள் பல இவ்வாறு உரிந்து விழுந்தவையே.

சுமை எங்கே சென்று சேர்கிறது?

இனி ஓர் எடுத்துக்காட்டினைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்றை நினைத்துக்கொள்வோம். அது பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு செல்கிறது. சரக்கை இறக்கிய பின் பெரும்பாலும் வெறும் வண்டியாகத் திரும்புகிறது. கணக்கிற்காக அதன் அளவுகளைப் பின்வருமாறு கொள்வோம்.

வெறும் வண்டியின் எடை 1,600 கிலோகிராம். அதில் 900 கிலோகிராம் முன் அச்சின் மீதும், 700 கிலோகிராம் பின் அச்சின் மீதும் உள்ளன. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 3 மீட்டர். ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கு 1,200 கிலோகிராம். அஃதாவது 50 கிலோகிராம் எடையுள்ள வெங்காய மூட்டைகள் 24.

இருவர் ஒரு கழியில் சுமையைக் கட்டித் தோளில் தூக்கிச் செல்லும்போது, சுமை யாருக்கு அருகில் இருக்கிறதோ அவருக்கே பாரம் மிகுதி. வண்டியிலும் அவ்விதியே செயல்படுகிறது. சிறு சரக்கு வண்டியின் சரக்குத் தட்டு பின் அச்சின் மேல் அமைந்துள்ளது. நம் எடுத்துக்காட்டில் சரக்கின் எடைமையம் பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். முன் அச்சிலிருந்து அதன் தொலைவு 2.8 மீட்டர். ஆகவே சரக்கில் 3 பங்கிற்கு 2.8 பங்கு பின் அச்சின் மீது விழுகிறது. 1,200 கிலோகிராம் சரக்கில் பின் அச்சுக்கு 1,120 கிலோகிராம். முன் அச்சுக்கு 80 கிலோகிராம் மட்டுமே.

இப்போது பின் அச்சின் மொத்தச் சுமை 1,820 கிலோகிராம். ஒவ்வொரு பின் டயருக்கும் 910 கிலோகிராம். வெறும் வண்டியில் இதுவே 350 கிலோகிராமாக இருந்தது. முன் டயரோ 450 கிலோகிராமிலிருந்து 490 கிலோகிராமுக்கு மட்டுமே உயர்ந்துள்ளது. வண்டியில் சரக்கு ஏறினாலும் இறங்கினாலும் முன் டயரின் நிலை பெரிதும் மாறுவதில்லை. பின் டயரின் சுமையோ இரண்டரை மடங்கு மாறிவிடுகிறது. முன் டயருக்கு ஒரே அழுத்தம் ஏறத்தாழப் போதுமானதாக இருக்க, பின் டயருக்கு மட்டும் இரண்டு அழுத்தங்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பது இக்கணக்கினால் விளங்கும்.

பக்கச்சுவர் சொல்லும் எல்லை

டயரின் பக்கச்சுவரில் அளவைக் குறிக்கும் எண்களை அடுத்து 106/104 என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதனைச் சுமைக்குறியீட்டு எண் என்பர். இவ்வெண் நேரடியாகக் கிலோகிராமைக் குறிப்பதன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எடை வரையறுக்கப்பட்டுள்ளது. 100 என்றால் 800 கிலோகிராம். 104 என்றால் 900. 106 என்றால் 950. இரண்டு எண்கள் இருப்பின் முதல் எண் ஒற்றைச் சக்கரமாகப் பூட்டும்போதும், இரண்டாம் எண் இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போதும் பொருந்தும்.

நம் வண்டியின் டயர் 106 என்னும் எண் கொண்டது என்றும், 65 பவுண்டு அழுத்தத்தில் 950 கிலோகிராம் தாங்க வல்லது என்றும் கொள்வோம். இரண்டு பின் டயர்களும் சேர்ந்து 1,900 கிலோகிராம் தாங்கும். முறையாக ஏற்றிய வண்டியில் பின் அச்சின் சுமை 1,820 கிலோகிராம். எஞ்சியிருக்கும் இடைவெளி 80 கிலோகிராம் மட்டுமே. மிகுதியாக ஏற்றும் ஒவ்வொரு மூட்டையிலும் ஏறத்தாழ 47 கிலோகிராம் பின் அச்சைச் சேர்வதால், இரண்டாவது மூட்டையிலேயே டயரின் எல்லை கடந்துவிடுகிறது.

24 மூட்டைக்குப் பதிலாக 36 மூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? சரக்கு 1,800 கிலோகிராம். பின் அச்சுக்கு அதில் 1,680 கிலோகிராம் செல்லும். வண்டியின் சொந்த எடையையும் கூட்டினால் 2,380 கிலோகிராம். ஒவ்வொரு பின் டயர் மீதும் 1,190 கிலோகிராம். தன் எல்லையைவிட நான்கில் ஒரு பங்கு மிகுதியான சுமையை அந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் சுமக்கிறது. 65 பவுண்டு அழுத்தத்தில் அதன் தரைத்தடம் 200 சதுர சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 260 ஆக விரிகிறது. முன்பு கூறிய உராய்வும் மடிப்பும் வெப்பமும் அனைத்தும் பெருகுகின்றன.

‘சுமை மிகுந்தால் காற்றையும் மிகுதியாக அடைத்தால் போயிற்று’ என்று எண்ணுவோர் உண்டு. கணக்கின்படி பார்த்தால் 1,190 கிலோகிராமைத் தாங்கும் டயரின் தடத்தை 200 சதுர சென்டிமீட்டருக்குள் அடக்க 85 பவுண்டு காற்று வேண்டும். டயரோ 65 பவுண்டுக்கு உரியது. அதனைக் கடந்து அடைக்கும் காற்று, உள்ளிருக்கும் இழைகளையும் கம்பிகளையும் சக்கர வளையத்தையும் அவை தாங்கும் அளவுக்கு மேல் இழுக்கிறது. அந்நிலையில் ஒரு குழியில் இறங்கி ஏறினாலே இழைகள் அறுபடலாம். காற்றைக் கூட்டுவதால் தடம் சுருங்குமே அன்றி டயரின் வலிமை கூடாது. எல்லை மீறிய சுமைக்கு உரிய மருந்து காற்று அன்று; மூட்டைகளை இறக்குவதே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் சரக்கு ஏற்றிச் செல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இதற்கு 20,000 ரூபாய் தண்டமும், மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல் தண்டமும் விதிக்கப்படும். மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் அதனுடன் சேரும்.

பாரத்திற்கு ஓர் அழுத்தம், வெறுமைக்கு ஓர் அழுத்தம்

எந்த அளவு காற்று வைப்பது என்பதற்கு முதல் வழிகாட்டி வண்டியை உருவாக்கியவர் தரும் பட்டியலே. ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டிய தாளிலோ வண்டியுடன் தரப்படும் கையேட்டிலோ அதனைக் காணலாம். முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனியாகவும், சரக்கு வண்டிகளில் பாரத்திற்கும் வெறுமைக்கும் தனித்தனியாகவும் அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். பக்கச்சுவரில் காணப்படும் அழுத்தம், அந்த டயர் தன் முழுச்சுமையைத் தாங்குவதற்கு உரியது. வெறும் வண்டிக்கும் அதுவே உரியது என்று கொள்வது தவறு.

பட்டியலைச் சரிபார்க்க எடைமேடை உதவும். முதலில் வழக்கமான சரக்குடன் முழு வண்டியையும் நிறுத்தி எடை காண வேண்டும். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஓர் எடையும், பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஓர் எடையும் காண வேண்டும். அச்சின் எடையை இரண்டால் வகுத்தால் ஒரு டயரின் சுமை கிடைக்கும். சரக்கை இறக்கிய பின்னும் இவ்வாறே எடை காண வேண்டும். பின்னர் டயரின் சுமை அதன் எல்லையில் எத்தனை பங்கோ, உச்ச அழுத்தத்திலும் அத்தனை பங்கு என்று தோராயமாகக் கணக்கிடலாம்.

நம் எடுத்துக்காட்டில் பாரம் ஏற்றிய பின் டயரின் சுமை 910 கிலோகிராம். அது எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் அழுத்தம் 65 பவுண்டு. முன் டயர் 490 கிலோகிராம் தாங்குகிறது. கணக்கு 33 அல்லது 34 பவுண்டு தருகிறது. ஆகவே 35 பவுண்டு வைக்கலாம். வெறும் வண்டியின் பின் டயருக்கு 350 கிலோகிராம். கணக்கு 24 பவுண்டு தருகிறது. ஆனால் அந்த அளவுக்குக் காற்றைக் குறைத்தல் கூடாது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்க டயரின் மீது சுமை கூடும். குழியில் விழும்போது சக்கர வளையம் டயரை நசுக்கக்கூடும். வழியில் நான்கைந்து மூட்டைகள் ஏற்றவும் நேரலாம். இவற்றுக்கெல்லாம் இடம் வைத்தே உருவாக்குநர்கள் வெறுமைக்குரிய அழுத்தத்தைக் கணக்கைவிட உயர்த்திக் குறிக்கின்றனர். நம் வண்டிக்கு 35 பவுண்டு எனக் கொண்டால், தரைத்தடம் ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர் ஆகும். 65 பவுண்டில் இருந்த 77 சதுர சென்டிமீட்டரை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெறும் வண்டியில் 65 பவுண்டு இருந்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொட்டுத் தேயும். பின்பகுதி துள்ளும். மழையில் நனைந்த சாலையில் தடையை அழுத்தினால் பின் சக்கரம் சுழலாது நின்று சறுக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, 35 பவுண்டுடன் 24 மூட்டைகளையும் ஏற்றிவிட்டால் தரைத்தடம் ஏறத்தாழ 370 சதுர சென்டிமீட்டராக விரிய முற்படும். பக்கச்சுவர் மிக ஆழமாக மடங்கும். சில மணி நேர ஓட்டத்திலேயே டயர் அழிந்துபோகக்கூடும்.

இவ்விரண்டு தவறுகளும் ஒரே தன்மையின அல்ல. முதலாவது டயரை மெல்லத் தேய்க்கும். இரண்டாவது உயிருக்கே கேடு விளைவிக்கும். ஆதலால் காலையில் பாரத்துடன் சென்று மாலையில் வெறுமையாகத் திரும்பும் வண்டிக்கு இடையில் காற்றை இறக்க வேண்டியதில்லை. பாரத்திற்குரிய அழுத்தத்தையே வைத்து, திரும்பும்போது வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே முறை. சந்தை விடுமுறை, பழுதுபார்ப்பு, குடும்பப் பயணம் எனப் பல நாள் வெறுமையாக ஓடும் காலத்தில்தான் வெறுமைக்குரிய அழுத்தத்திற்கு மாற வேண்டும். மீண்டும் சரக்கு ஏற்றும்முன் காற்றை நிரப்ப வேண்டும். ஏற்றிய பின் நிரப்பிக்கொள்ளலாம் என்று புறப்படுதல் கூடாது.

மூட்டைகளை அடுக்கும் முறையும் கருதத்தக்கது. அதே 24 மூட்டைகளை ஓட்டுநர் அறையை ஒட்டி அடுக்கி, எடைமையத்தைப் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால், பின் டயரின் சுமை 910 கிலோகிராமிலிருந்து 830 ஆகக் குறையும். அப்போது முன் டயரின் சுமை 570 ஆக உயர்வதால் அதன் அழுத்தத்தை 39 பவுண்டு அளவுக்குக் கூட்ட வேண்டும். தட்டின் பின்விளிம்பில் அடுக்கினாலோ முன்பகுதி எழும்பி, திசைதிருப்பியின் பிடிப்புக் குறையும்.

சூடும் காற்றும்

இதுவரை கூறிய அழுத்தங்கள் அனைத்தும் குளிர்ந்த டயருக்கு உரியவை. குளிர்ந்த டயர் என்பது குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நிழலில் நின்ற டயர். காலையில் வண்டியை எடுக்கும்முன் அளப்பதே சிறந்தது.

பருமன் மாறாத வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இயற்பியல் பாடத்தில் கற்கிறோம். அவ்விதி இங்கே அப்படியே பயன்படுகிறது. 30 பாகை செல்சியசில் 65 பவுண்டு அடைத்த டயர், ஓடி ஓடி 60 பாகைக்குச் சூடாகிறது என்போம். அழுத்தமானி காட்டும் அளவுடன் வளிமண்டல அழுத்தமாகிய 14.7 பவுண்டைக் கூட்டினால் 79.7 வரும். அதனை 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 87.6. வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தால் ஏறத்தாழ 73 பவுண்டு. அழுத்தமானி 8 பவுண்டு கூடுதலாகக் காட்டுகிறது.

இதைக் கண்டு, ‘காற்று மிகுந்துவிட்டது’ என எண்ணி அழுத்தத்தை 65க்கு இறக்கிவிடுவோர் உண்டு. இரவில் டயர் குளிர்ந்ததும் அதில் இருப்பது 58 பவுண்டு மட்டுமே. மறுநாள் முழுப்பாரத்துடன் புறப்படும் அந்த டயர், காற்றுக் குறைவால் மிகுதியாக மடங்கி, மிகுதியாகச் சூடேறும். மாலையில் அழுத்தமானி மீண்டும் உயர்ந்த அளவையே காட்டும். ஓட்டுநர் மீண்டும் காற்றை இறக்குவார். டயர் கெடும் இச்சுழற்சி வெளியே தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கலாகாது என்பது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

டயர் சொல்லும் செய்தி

வைத்த அழுத்தம் பொருந்தியதா என்பதை டயரைக் கொண்டே அறியலாம். பின் டயரின் புறப்பரப்பில் குறுக்காக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுண்ணக்கட்டியால் தடித்த கோடு ஒன்று இட வேண்டும். வழக்கமான சுமையுடன் நேரான, உலர்ந்த சாலையில் சிறிது தொலைவு ஓட்ட வேண்டும். கோடு முழு அகலத்திலும் சீராக அழிந்திருந்தால் அழுத்தம் பொருந்தியது. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று மிகுதி. ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது சுமை மிகுதி. ஆயினும் எவ்வாறு அழிந்தாலும் உருவாக்குநர் குறித்த எல்லைக்குள்ளேயே காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

நாள்பட்ட தேய்வையும் இவ்வாறே படிக்கலாம். வரிப்பள்ளத்தின் ஆழத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வர வேண்டும். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது பெரும்பாலும் காற்றழுத்தத்தின் குற்றம் அன்று. சக்கரங்களின் நேர்ப்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். புறப்பரப்பு தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும்.

இங்கு ஏமாற்றும் நிலை ஒன்றும் உண்டு. நம் எடுத்துக்காட்டு வண்டி 36 மூட்டைகளுடன் பாலக்காடு சென்று, அதே 65 பவுண்டுடன் வெறுமையாகத் திரும்புகிறது என்று கொள்வோம். போகும்போது ஓரங்கள் தேய்கின்றன. வரும்போது நடுப்பகுதி தேய்கிறது. மூன்று இடங்களிலும் ஆழம் ஒரே அளவாகக் குறைவதால், பார்ப்பவருக்கு எல்லாம் சீராக இருப்பதாகவே தோன்றும். டயரின் வாழ்நாள் மட்டும் குறைந்துகொண்டே வரும். தேய்வின் வடிவத்தோடு தேய்வின் வேகத்தையும் பார்த்தால்தான் இது புலப்படும். மாதந்தோறும் எழுதும் குறிப்பில் ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து எழுதினால், ஒரு மில்லிமீட்டர் தேய எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பது தெரியும். பாரம் மீறிய மாதத்தையும் மீறாத மாதத்தையும் ஒப்பிட்டு நோக்கும் வண்டி உரிமையாளர், மிகுதியாக ஏற்றிய 12 மூட்டைகளின் வாடகையில் எவ்வளவு டயருக்குச் சென்றது என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்றின் உரிமையாளரிடம் இசைவு பெற்று, பின் டயரின் சுமைக்குறியீட்டு எண்ணையும் கதவுச் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள அழுத்தங்களையும் குறித்துவருக. பாரத்திற்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டினை வகுப்பில் விளக்குக.

2. பாடத்தில் உள்ள வண்டியில் 30 மூட்டைகள் ஏற்றினால் ஒவ்வொரு பின் டயரின் மீதும் விழும் சுமையைக் கணக்கிடுக. அது டயரின் எல்லைக்கு உட்பட்டதா எனக் கூறுக.

3. ‘சுமை மிகுந்தால் காற்றையும் மிகுதியாக அடைத்தால் போயிற்று’ என்று கூறும் ஓட்டுநர் ஒருவருக்கு நீங்கள் விடைகூறுவதாக ஓர் உரையாடல் எழுதுக.